மில்லிங்குக்குப் போகும் முன் மாடலைச் சரிபண்ணுவது எப்படி: ஸ்டாக், டூல் விட்டம், உள்மூலை ஆரம் – முழுமையான வழிகாட்டி

மெஷினில் டூல் கீச்சிடுகிறது, மூலையில் வரிவரியாகத் தடம் விழுகிறது, பாக்கெட்டின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடக் குறுகலாக வருகிறது என்றால், உடனே ஃபீடையும் ஸ்பீடையும் மாற்றிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை போகும். ஆனால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி கேட் மாடலிலேயே உட்கார்ந்திருக்கும். மூலையின் ஆரத்தை 3 என்று போட்டவர் அந்த மூலை எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். அதனால் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் மாடலில் என்னென்ன மாற்ற வேண்டும், எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பதை ஒரே ஒரு பாகத்தை வைத்து முழுசாகச் சொல்கிறேன்.

பாகம் இதுதான். பணகுடி, இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் கியர்பாக்ஸை ஒட்டி அதிர்வு சென்சார் ஒன்றை வைக்க வேண்டும், அதன் சர்க்யூட் போர்டு உட்கார ஒரு அலுமினியப் பெட்டி வேண்டும். வெளி அளவு 120 × 80, உயரம் 30 மி.மீ. உள்ளே 100 × 60 அளவில் 24 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பாக்கெட். ஆக, சுவர் எல்லாப் பக்கமும் 10, தரை 6. போர்டு 96 × 56, அதன் நான்கு மூலைகளிலும் எம்3 திருகுக்கான துளை. துளைகளுக்குக் கீழே தரையிலிருந்து 6 மி.மீ. உயரத்துக்கு 8 மி.மீ. விட்டத்தில் நான்கு குமிழ்கள் வரைந்திருந்தார்கள். பாக்கெட்டின் உள்மூலை ஆரம் 3. பேட்டை தொழிற்பேட்டையில் இருக்கிற மாதிரி ஒரு சாதாரண மூன்று அச்சு வி.எம்.சி.யில் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று சீசன் ஆரம்பித்துவிட்டால் காற்றாலையை நிறுத்தவே விட மாட்டார்கள், அதனால் இந்த மாதிரி வேலைகள் எப்போதும் அவசரமாகத்தான் வரும். அவசரத்திலும் மாடலுக்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் ஸ்டாக்

பலரும் ஸ்டாக்கை, அதாவது வெட்டப்போகும் மூலப் பிளாக்கை, கடைசியில், டூல் பாதை போடும் கேம் மென்பொருளைத் திறந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். நான் அதை முதலில் முடிவு செய்யச் சொல்வேன். காரணம், பாகத்தை எதில் பிடிக்கப் போகிறோம், எந்தப் பக்கம் மேலே இருக்கப் போகிறது என்று தெரியாமல் டூல் எவ்வளவு நீளம் வெளியே நீட்ட வேண்டும் என்று சொல்ல முடியாது, அது தெரியாமல் விட்டத்தையும் முடிவு செய்ய முடியாது.

பெட்டியின் உயரம் 30. மேலே முகம் எடுக்கக் கொஞ்சம் வேண்டும், கீழே வைஸ் பிடிக்கக் கொஞ்சம் வேண்டும். இதற்கு 40 மி.மீ. பிளேட் சரியாக இருக்கும். மேலே சுமார் 1 மி.மீ. முகம் எடுக்கிறோம், நடுவில் 30 பாகம், கீழே 9 மி.மீ. கழிவு. அந்த 9-ல் 6 மி.மீ.யை வைஸ் கடித்துக்கொள்ளும். வெளிச்சுற்றை 30.5 ஆழம் வரை வெட்டுகிறோம். அந்த அரை மி.மீ. எதற்கு என்றால், பிறகு திருப்பிப்போட்டுக் கழிவை எடுக்கும்போது ஓரத்தில் மெல்லிய தகடு மாதிரிப் பிசிறு நிற்காமல் இருப்பதற்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், வெட்டு முடியும் இடம், வைஸுக்குள் பிளாக் உட்காரும் பேரலல் கட்டையிலிருந்து 8.5 உயரத்தில் இருக்கும், வைஸ் தாடையின் மேல்விளிம்பு 6-ல் இருக்கும், இடையில் 2.5 மி.மீ. இருக்கிறது. டூல் தாடையைத் தொடாது. இந்த ஒரு கணக்கை ஒரு தாளில் குறுக்குவெட்டாக வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி விபத்துகள் வராது.

பிளேட் கேட்கும்போது 6061 என்று மட்டும் சொல்லாமல் டி651 என்று சேர்த்துச் சொல்லுங்கள். டி651 என்றால் வெப்பப் பதத்துக்குப் பிறகு பிளேட்டை இழுத்து உள்அழுத்தத்தைக் குறைத்திருப்பார்கள். அப்படிச் செய்யாத பாரை வாங்கி, அதன் வயிற்றை இப்படி 24 மி.மீ. ஆழத்துக்குக் காலிபண்ணினால், வைஸைத் தளர்த்தியதும் பாகம் லேசாக வளைந்துவிடும். மூடி உட்காரும் முகம் சமமாக இல்லாமல் போகும், கேஸ்கெட் ஒரு பக்கம் அழுந்தி ஒரு பக்கம் அழுந்தாமல் நிற்கும்.

ரம்பத்தில் அறுக்கும்போது 126 × 86 என்று அறுக்கலாம், பக்கத்துக்கு 3 மி.மீ. கூடுதல். ரம்பம் வெட்டிய முகம் நேராகவும் இருக்காது, இணையாகவும் இருக்காது. அந்த முகத்தையே 6 மி.மீ. மட்டும் கடித்துப் பிடித்தால் பிடிப்பு இரண்டு மூன்று புள்ளிகளில்தான் இருக்கும், ரஃபிங்கில் பிளாக் பிடுங்கிக்கொண்டு போகவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் வைஸில் பிடிக்கப்போகும் இரண்டு நீளப் பக்கங்களை மட்டும் முதலில் ஒரு மி.மீ. அளவுக்கு எடுத்து இணையாக்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை எடுக்கும்போது அசையும் தாடைக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு உருண்டைக் கம்பியை வைத்து இறுக்கினால், பிளாக்கின் தட்டையான முகம் நிலையான தாடையோடு முழுசாக ஒட்டும்.

மாடலில் ஸ்டாக்கை எப்படிச் சொல்வது, சுழியை எங்கே வைப்பது

கேம் மென்பொருளில் ஸ்டாக்கைக் கொடுக்கப் பல வழிகள் இருக்கும். `FreeCAD` என்றால் மாடலின் எல்லைப்பெட்டியை எல்லாப் பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளும் வழி முதலில் வரும், தனியாக ஒரு பெட்டியை அளவு சொல்லி வைக்கவும் முடியும். இந்த வேலைக்கு இரண்டாவதுதான் நல்லது. நம் கையில் இருப்பது ஒரு குறிப்பிட்ட பிளாக், அதன் அளவு நமக்குத் தெரியும், மேலே 1 கீழே 9 என்று பாகம் அதற்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும்.

40 மி.மீ. பிளேட் என்று வாங்கினாலும் அளந்தால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். அதனால் கேமில் ஸ்டாக் உயரத்தை 40 என்று கொடுக்காமல் 41 என்று கொடுத்துவிடுங்கள். மென்பொருள் நம்புகிற ஸ்டாக்கைவிட நிஜ ஸ்டாக் சிறியதாக இருந்தால் டூல் கொஞ்ச நேரம் காற்றில் ஓடும், அவ்வளவுதான். நிஜ ஸ்டாக் பெரியதாக இருந்தால், வேகமாக நகர்கிற டூல் நேராக உலோகத்தில் போய் மோதும். பக்கவாட்டிலும் இதே விதிதான், அறுத்த பிளாக்கில் எங்கே அதிகமாக இருக்கிறதோ அந்த அளவைக் கொடுங்கள்.

சுழி விஷயத்தில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. ஸ்டாக்கின் மேல்முகத்தைத் தொட்டு `Z0` வைக்கிற பழக்கம் இந்த மாதிரி வேலைக்குச் சரிவராது, அந்த முகம் பிளேட்டுக்குப் பிளேட் மாறும். முடிந்த பாகத்தின் மேல்முகம்தான் மாடலில் `Z0` ஆக இருக்கட்டும். மெஷினில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பேரலலைத் தொடுங்கள். பேரலலிலிருந்து கழிவு 9, பாகம் 30, ஆக 39 மி.மீ. மேலே இருப்பதுதான் மெஷினில் வேலைச் சுழியைக் குறிக்கும் `G54`-ன் `Z0`. இப்படி வைத்துவிட்டால் பிளேட் 39.6 ஆக இருந்தாலும் 40.4 ஆக இருந்தாலும் பாகம் ஒன்றுபோல வரும், முகம் எடுக்கிற கனம் மட்டும்தான் மாறும். `X`, `Y` இரண்டையும் பிளாக்கின் நடுவில் எடுங்கள். அறுப்பில் இருக்கும் கோணல் இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும்.

டூல் விட்டத்தின் மேல் எல்லையும் கீழ் எல்லையும்

டூல் விட்டத்துக்கு மேல் எல்லையைப் போடுவது மாடலின் வடிவம். உள்மூலையின் ஆரத்தைவிட டூலின் ஆரம் பெரிதாக இருக்கக் கூடாது, எந்தச் சந்தும் டூல் விட்டத்தைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. கீழ் எல்லையைப் போடுவது ஆழம். ஆழம் கூடக்கூட டூல் நீளமாக நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நீளமாக நிற்கிற ஒல்லி டூல் வளையும். மாடல் கெட்டிருக்கிறது என்றால், பெரும்பாலும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் ஒரு டூலும் இல்லை என்று அர்த்தம்.

வளைவு எவ்வளவு என்பதை உணர ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒரே விசைக்கு, டூலின் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு 8 மடங்காகும். விட்டம் பாதியானால் வளைவு 16 மடங்காகும். நீளத்துக்கு மும்மடி, விட்டத்துக்கு நான்மடி. அதனால்தான் 10 மி.மீ. டூலில் சத்தமே இல்லாமல் போன அதே வெட்டு 5 மி.மீ. டூலில் அழுகிறது. அலுமினியத்தில் வெளியே நீட்டும் நீளம் விட்டத்தைப் போல மூன்று மடங்கு வரை கவலையில்லாமல் ஓட்டலாம், நான்கு வரை பார்த்துப் பார்த்து ஓட்டலாம், ஐந்தைத் தாண்டினால் அந்த மூலைக்கு வேறு வழி யோசியுங்கள். இரும்பு, எஸ்.எஸ். என்றால் மூன்றிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

நம் பெட்டிக்கு வருவோம். உள்மூலை ஆரம் 3 என்றால் பெரிய டூல் 6 மி.மீ. பாக்கெட் ஆழம் 24. காலெட் நட்டு பாகத்தின் மேல்முகத்தில் உரசாமல் இருக்க இன்னும் 2 மி.மீ.யாவது வேண்டும், ஆக 26 மி.மீ. நீட்டல், விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். அதோடு முடியவில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 6 மி.மீ. கார்பைடு எண்ட்மில்லில் வெட்டும் பகுதி 15 மி.மீ. வாக்கில்தான் இருக்கும். 24 ஆழத்துக்கு இறங்கும்போது அதற்கு மேலே இருக்கிற தண்டு, வெட்டி முடித்த சுவரில் தேய்க்கும். தண்டுக்கும் வெட்டும் பகுதிக்கும் ஒரே விட்டம், டூல் கொஞ்சம் சாய்ந்தால் போதும், சுவரில் பளபளவென்று ஒரு பட்டை விழும். பாக்கெட்டின் மேல் பாதியில் அப்படிப் பட்டையைப் பார்த்தால் வெட்டும் பகுதியின் நீளம் பற்றவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

8 மி.மீ. டூல் என்றால் வெட்டும் பகுதி 20 வாக்கில் இருக்கும், அதுவும் 24-க்குப் பற்றாது. 10 மி.மீ. டூல் என்றால் 25 வாக்கில் கிடைக்கும், நீட்டல் விட்டத்தைப் போல 2.6 மடங்குதான். ஆகவே இந்தப் பெட்டிக்கு இயல்பான டூல் 10 மி.மீ. முதலில் அதை முடிவு செய்துவிட்டு, அந்த டூல் போகிற மாதிரி மாடலை மாற்றுவதுதான் சரியான வரிசை. உங்கள் அலமாரியில் இருக்கிற டூலின் வெட்டும் நீளத்தை வெர்னியரால் அளந்து கொள்ளுங்கள், பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

சின்ன டூல் என்றாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. இந்தப் பெட்டியின் மேல்முகத்தில் கேஸ்கெட்டுக்காக 3 மி.மீ. அகலத்தில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அதை 2.5 மி.மீ. டூலால் தாராளமாக எடுக்கலாம், ஆழம் விட்டத்தைவிடக் குறைவு. 3 மி.மீ. பள்ளத்துக்கு 3 மி.மீ. டூலை மட்டும் வைக்காதீர்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டு சுவரும் வெட்டுப்படும், அகலத்தைத் திருத்த வழியே இருக்காது.

கண்ணில் படாத சந்து

எல்லாரும் மூலை ஆரத்தைப் பார்ப்பார்கள், இதைப் பார்க்க மாட்டார்கள். போர்டின் துளை போர்டு விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கிறது, போர்டுக்கும் சுவருக்கும் 2 மி.மீ. இடைவெளி, ஆக துளையின் மையம் சுவரிலிருந்து 7 மி.மீ. குமிழின் ஆரம் 4. குமிழுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு மிச்சம்? 3 மி.மீ. அந்தச் சந்துக்குள் போக 3 மி.மீ.க்கும் குறைவான டூல் வேண்டும், அதுவும் 24 மி.மீ. ஆழத்தில், விட்டத்தைப் போல எட்டு ஒன்பது மடங்கு நீட்டலில். மூலை ஆரத்தை 3-லிருந்து 6 ஆக்கினாலும் இந்தச் சந்து அப்படியேதான் இருக்கும். மென்பொருள் எச்சரிக்கையெல்லாம் கொடுக்காது. 10 மி.மீ. டூலைக் கொடுத்தால் அந்த இடத்தை வெட்டாமல் விட்டுவிட்டு, பச்சை நிறத்தில் முடிந்தது என்று காட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது, எந்த கேட் மென்பொருளிலும் செய்யலாம். பாக்கெட்டின் வெளிக்கோட்டை டூலின் ஆரத்துக்கு உள்பக்கமாக நகர்த்தி ஒரு கோடு போடுங்கள், குமிழ் மாதிரி தீவுகள் இருந்தால் அவற்றின் கோட்டை அதே ஆரத்துக்கு வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். டூலின் மையம் போகக்கூடிய இடம் இந்த இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்டது மட்டும்தான். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் அந்தச் சந்து அடைத்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் ஒரு படி போய், கிடைத்த கோட்டை மறுபடி அதே அளவு சுவர் பக்கமாக நகர்த்தினால், அந்த டூலால் உண்மையில் வரக்கூடிய வடிவம் கிடைக்கும். அதை மாடலின் மேல் வைத்துப் பாருங்கள், எங்கே பொருந்தவில்லையோ அங்கே உலோகம் மிச்சம் நிற்கும்.

நம் பெட்டியில் குமிழைத் தனியாக நிறுத்த எந்த அவசியமும் இல்லை. திருகு பிடிக்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். குமிழை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் சுவரோடு ஒட்டிய 12 × 12 அளவில் 6 மி.மீ. உயரத் திண்டாக வைத்துவிடுங்கள். சந்து மறைந்துவிட்டது. திண்டின் வெளிமுனை எந்த ஆரத்திலும் இருக்கலாம், அதை டூல் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் திண்டு சுவரோடு சேருகிற இரண்டு இடங்களும் புதிய உள்மூலைகள், அவற்றுக்கும் பாக்கெட் மூலைக்குக் கொடுத்த அதே ஆரத்தைக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் பழைய பிரச்சினை வேறு இடத்தில் வந்து நிற்கும். இன்னொரு விஷயம், திண்டும் அதன் வளைவும் சேர்ந்து சுவரோரமாக 18 மி.மீ. வரை போகும், போர்டின் அடிப்பக்கம் அந்த இடத்தில் உயரமான பொருள் எதுவும் இல்லையா என்று போர்டு வரைந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்மூலை ஆரம்: டூல் ஆரத்துக்குச் சமமாக வைக்காதீர்கள்

10 மி.மீ. டூலின் ஆரம் 5. அப்படியானால் மூலை ஆரமும் 5 என்று போட்டால் போதாதா? வெட்ட முடியும், ஆனால் நன்றாக வராது. ஏன் என்று விளங்கிக்கொண்டால் இனி எந்த மாடலிலும் நீங்களே ஆரத்தை முடிவு செய்வீர்கள்.

ரஃபிங்கில் 0.2 மி.மீ. விட்டுவிட்டு ஃபினிஷிங் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரான சுவரில் டூல் தன் சுற்றளவில் சுமார் 16 டிகிரி அளவுக்குத்தான் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூலை ஆரமும் டூல் ஆரமும் சமமாக இருந்தால், டூல் மூலைக்குள் நேராகப் போய் நின்று, 90 டிகிரி திரும்பி, அடுத்த சுவரில் கிளம்ப வேண்டும். அந்த நொடியில் தொடுகை 16-லிருந்து 106 டிகிரிக்குத் தாவுகிறது. டூல் வளைகிறது, நிற்கிற இடத்தில் உரசுகிறது, அதிர்கிறது. மூலையில் செங்குத்தாக நெருக்கமான வரிகளும், கேட்டால் காது கூசுகிற சத்தமும் வருவது இதனால்தான். மூலை ஆரத்தை 6 ஆக்கினால் டூலின் மையம் 1 மி.மீ. ஆரத்தில் ஒரு சின்ன வளைவில் திரும்பும், நிற்கவே நிற்காது, தொடுகையும் 40 டிகிரி அளவோடு நின்றுவிடும். ஒரே ஒரு மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் கையால் தடவினாலே தெரிகிற அளவுக்கு மூலை மாறிவிடும்.

இன்னொரு காரணம் மெஷின்காரருக்கு மட்டும் தெரிந்தது. ஃபினிஷிங்கை, டூல் ஆரத்தை மெஷினே ஈடுகட்டும் `G41`-ல் ஓட்டி, ஆஃப்செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அளவுக்குக் கொண்டுவருவதுதான் நல்ல பழக்கம். முதல் ஓட்டத்தில் 0.05 விட்டு வைக்க ஆஃப்செட்டில் ஆரத்தை 5.05 என்று போடுகிறீர்கள். மாடலில் மூலை ஆரம் 5 என்றால், 5 ஆரமுள்ள உள்வளைவில் 5.05 ஆர டூல் நுழைய முடியாது. ஃபானுக் கன்ட்ரோலில் அலாரம் `041` வந்து மெஷின் நிற்கும். மூலை ஆரம் 6 என்றால் தாராளமாக இடம் இருக்கிறது.

மூலையில் ஃபீடையும் கவனிக்க வேண்டும். ப்ரோகிராமில் இருக்கும் ஃபீடு டூலின் மையத்துக்கானது. உள்வளைவில் மையம் 1 மி.மீ. ஆரத்தில் சுற்றும்போது வெட்டும் விளிம்பு 6 மி.மீ. ஆரத்தில் ஓடுகிறது, ஆறு மடங்கு வேகம். அதனால் வளைவில் ஃபீடைக் குறைக்கும் வசதி கேமில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சில கன்ட்ரோல்களில் இதற்கென்றே `G62` இருக்கும்.

இந்தப் பெட்டிக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இவ்வளவுதான், கேட்டில் விரிதாள் வசதி இருந்தால் இதையே மாறிகளாகக் கொடுத்துவிடலாம், டூலை மாற்றினால் எல்லா மூலையும் தானாக மாறும்:

```
tool_d   = 10
corner_r = 0.6 * tool_d
gap_min  = 1.1 * tool_d
c_min    = 0.293 * corner_r
```

இரண்டாவது வரி மூலை ஆரம், மூன்றாவது எந்தச் சந்துக்கும் வேண்டிய குறைந்த அகலம். நான்காவது எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன்.

"அண்ணாச்சி, போர்டு மூலையில இடிக்குமே?"

ஆரத்தைக் கூட்டலாமா என்று கேட்டால் வேலை கொடுத்தவர் முதலில் கேட்பது இதுதான். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலாக அனுபவத்தைச் சொன்னால் அவர் நம்பத் தேவையில்லை, கணக்கைக் காட்டுங்கள். கூரான மூலையுள்ள போர்டு, வட்டமான மூலையுள்ள பாக்கெட்டுக்குள் இடிக்காமல் உட்கார, சுவரிலிருந்து குறைந்தது மூலை ஆரத்தின் 0.293 மடங்கு இடைவெளி வேண்டும். ஆரம் 6 என்றால் 1.76 மி.மீ. நம் போர்டுக்கு எல்லாப் பக்கமும் 2 மி.மீ. இருக்கிறது. போர்டின் கூர்முனைக்கும் வளைவுக்கும் நடுவில் சுமார் 0.34 மி.மீ. மிச்சம். எம்3 திருகுக்கு 3.2 மி.மீ. துளை என்றால் போர்டு 0.1 தான் நகர முடியும், அதனால் இடிக்காது. போர்டு வெட்டும்போது வரும் அளவு வித்தியாசத்தையும் சேர்த்தால் கொஞ்சம் நெருக்கம்தான். அதற்கு நல்ல வழி, போர்டின் மூலைகளை 1 மி.மீ. சாய்வாக வெட்டித் தரச் சொல்வது. போர்டு செய்பவருக்கு அது கூடுதல் வேலையே இல்லை.

இடைவெளியே இல்லாமல், கூரான மூலையுள்ள ஒரு தகடு பாக்கெட்டுக்குள் அப்படியே பொருந்த வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது மூலையில் டூலைக் கொஞ்சம் சுவருக்குள்ளேயே விட்டு ஒரு அரைவட்டக் குழி எடுத்துவிடுவார்கள், தகட்டின் கூர்முனை அந்தக் குழிக்குள் போய்விடும். பாக்கெட்டின் மூலை சதுரமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அது மில்லிங் வேலை இல்லை, ஸ்பார்க் ஈரோஷனுக்குப் போக வேண்டும், செலவு பல மடங்கு.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. மாடலில் எல்லா விளிம்புகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே ஆரத்தில் உருட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் சுவரும் தரையும் சேரும் இடத்திலும் 6 மி.மீ. ஆரம் வந்துவிடும், அதைத் தட்டை எண்ட்மில்லால் எடுக்கவே முடியாது, பால்நோஸ் டூலை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். செங்குத்து மூலைகளை மட்டும் உருட்டுங்கள். தரையோரத்தைக் கூராக விட்டுவிட்டு, டிராயிங்கில் அதிகபட்சம் 0.5 ஆரம் என்று எழுதுங்கள். முனையில் 0.5 ஆரமுள்ள 10 மி.மீ. டூல் கூர்முனை டூலைவிட அதிக நாள் உழைக்கும், நுனி உடையாது.

திருப்பிப்போடுவது

இரண்டாவது பக்கத்தில் வேலை குறைவு, கீழே இருக்கிற 9 மி.மீ. கழிவை எடுத்துவிட வேண்டும். பாகத்தின் வாய் கீழே, தரை மேலே. முடிந்த முகம் பேரலலில் உட்காருவதால் சுழியை மறுபடி பேரலலிலிருந்தே எடுங்கள், 30 மி.மீ. மேலே முடியும் முகம்.

இங்கே கவனிக்க வேண்டியது வைஸின் இறுக்கம். பாகம் இப்போது குடைந்த பெட்டி, தாடை கடிக்கிற இடம் திறந்த வாய்ப்பக்கம். இறுக்கினால் நீளச் சுவர் உள்பக்கமாக வளையும், வளைந்த நிலையில் வெட்டி, தளர்த்தியதும் வேறு வடிவத்துக்குப் போகும். பாக்கெட்டுக்குள் 60 மி.மீ. அகலத்துக்குச் சரியாக ஒரு பிளாக்கைச் செருகிவிட்டு இறுக்கினால் சுவர் வளைய இடமில்லை. அப்படி பிளாக் இல்லையென்றால், சுவரின் உள்பக்கம் வெளியே தெரியாது என்பதால் தாடைக்கு மேலே தெரிகிற வெளிச்சுவரில் டயலை வைத்து, இறுக்கும்போது முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 0.02-க்கு மேல் போனால் தளர்த்தி, மெல்லிய வெட்டுகளாகப் பிரித்து எடுங்கள். கடைசி ஒரு மி.மீ.யில் வெட்டின் கனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அடியில் 6 மி.மீ. தரைதான் இருக்கிறது, அது பறை மாதிரி அதிரும்.

ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எதைப் பார்ப்பது

சிமுலேஷனை ஓட்டிப் பார்ப்பதை எல்லாரும் செய்கிறார்கள், ஆனால் டூல் நகர்வதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது முடிவில் மாடலோடு ஒப்பிட்டுக் காட்டுகிற படம். மிச்சம் நிற்கிற உலோகம் ஒரு நிறத்தில் தெரியும். அப்படி நிறம் மூலைகளில் மட்டும் தெரிந்தால் ஆரம் பற்றவில்லை, இரண்டு வடிவங்களுக்கு நடுவில் பட்டையாகத் தெரிந்தால் சந்து அடைத்திருக்கிறது. ஹோல்டரையும் காலெட் நட்டையும் சரியான அளவில் கொடுத்திருந்தால்தான் மோதல் சோதனைக்கு அர்த்தம் உண்டு. இஆர்32 காலெட் நட்டின் விட்டம் 50 மி.மீ., சுவரோரம் வெட்டும்போது அது கண்டிப்பாகப் பெட்டியின் மேல்முகத்துக்கு மேல்தான் நிற்கும். டூலை 26 நீட்டுவதாக மாடலில் சொல்லிவிட்டு மெஷினில் 22 நீட்டிப் பிடித்தால், அந்த நான்கு மி.மீ.யில் நட்டு போய் மேல்முகத்தில் உட்காரும்.

முதல் பாகம் வந்ததும் பாக்கெட்டின் அகலத்தை மேலேயும் அடியிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மேலே 60.02 வருகிறது, அடியில் 59.94 வருகிறது என்றால் டூல் சுவரிலிருந்து விலகி வளைந்திருக்கிறது. அப்போது ஆஃப்செட்டை மாற்றினால் மேலே இன்னும் பெரிதாகுமே தவிர அடி சரியாகாது. நீட்டலைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், முடியாவிட்டால் அதே ப்ரோகிராமை எதையும் மாற்றாமல் இன்னொரு தடவை ஓட்டுங்கள், அடியில் மிச்சம் இருக்கிற உலோகத்தில் பெரும்பகுதியை இரண்டாவது ஓட்டம் எடுத்துவிடும். மேலும் அடியும் ஒரே அளவு, ஆனால் மூலையில் மட்டும் வரிகள் என்றால் அது ஃபீடும் ஆரமும் சம்பந்தப்பட்டது. ஆரம் காட்டும் கேஜை மூலையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் டூல் மூலையில் சுவருக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, அந்த வளைவில் ஃபீடைக் குறைத்துவிட்டு, ரஃபிங்கில் மூலைக்கு விட்ட மிச்சம் சுவருக்கு விட்ட அதே 0.2 தானா என்று சரிபாருங்கள். ரஃபிங்குக்குப் பெரிய டூல், உதாரணத்துக்கு 16 மி.மீ., வைத்திருந்தீர்கள் என்றால் மூலையில் 0.2-ஐவிட ரொம்ப அதிகமாக உலோகம் நின்றிருக்கும். அப்படியானால் ஃபினிஷிங்குக்கு முன்னால் 10 மி.மீ. டூலாலேயே மூலைகளை மட்டும் ஒருமுறை எடுத்துவிட்டு வாருங்கள்.